கேஷ் ஃப்ளோ கணக்கில் 25,000 இடிக்கிறது, பிழை எங்கே?

செவ்வந்தி

வணக்கம். பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வகுப்பில் கொடுத்த இந்தக் கணக்கில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். மறைமுக முறையில், ஏ.எஸ் 3 படி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் ரூபாயில்.

| விவரம் | 31.3.2023 | 31.3.2024 |
|---|---|---|
| பங்கு முதல் | 5,00,000 | 6,00,000 |
| லாப நட்டக் கணக்கு இருப்பு | 1,20,000 | 1,70,000 |
| வங்கி நீண்டகாலக் கடன் | 2,00,000 | 1,50,000 |
| கடனீந்தோர் | 90,000 | 1,12,000 |
| வரிக்கான ஒதுக்கு | 40,000 | 50,000 |
| மொத்தம் | 9,50,000 | 10,82,000 |
| இயந்திரம் (தேய்மானம் போக) | 5,20,000 | 6,10,000 |
| சரக்கிருப்பு | 1,80,000 | 2,15,000 |
| கடனாளிகள் | 1,70,000 | 1,50,000 |
| ரொக்கமும் வங்கியும் | 80,000 | 1,07,000 |
| மொத்தம் | 9,50,000 | 10,82,000 |

கூடுதல் விவரம்: இந்த வருடத் தேய்மானம் 60,000. புத்தக மதிப்பு 30,000 உள்ள இயந்திரம் ஒன்று 22,000க்கு விற்கப்பட்டது. கட்டிய வரி 45,000. கொடுத்த டிவிடெண்ட் 40,000. கடனுக்குக் கட்டிய வட்டி 18,000.

நான் செய்தது இது. லாப இருப்பு கூடியது 50,000, டிவிடெண்ட் 40,000, வரி ஒதுக்கு 50,000, ஆக வரிக்கு முந்தைய லாபம் 1,40,000. அதோடு தேய்மானம் 60,000, விற்பனை நட்டம் 8,000, வட்டி 18,000 சேர்த்தால் 2,26,000. சரக்கு கூடியதற்கு 35,000 கழித்தேன். கடனாளிகள் குறைந்த 20,000, கடனீந்தோர் கூடிய 22,000 இரண்டையும் கூட்டினேன். 2,33,000 வந்தது. வரி 45,000 போக இயக்கத்தில் 1,88,000.

இயந்திரம் 90,000 கூடியிருக்கிறது, தேய்மானம் 60,000 சேர்த்து வாங்கியது 1,50,000 என்று எடுத்தேன். விற்ற பணம் 22,000 போக முதலீட்டில் வெளியே போனது 1,28,000. நிதியில் பங்கு 1,00,000 உள்ளே, கடன் 50,000, டிவிடெண்ட் 40,000, வட்டி 18,000 வெளியே, ஆக 8,000 வெளியே.

மொத்தம் 52,000 கூடியதாக வருகிறது. ஆனால் ரொக்கம் கூடியது 27,000தான். 25,000 எங்கே போனது?

ராசு_காமர்ஸ்

தங்கச்சி, இது பிளஸ் மைனஸ் மாறின கேஸ்தான். ஏதாவது ஒன்றைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தால் வித்தியாசம் அதைப்போல் இரண்டு மடங்காக வரும். 25,000ஐப் பாதியாக்கு, அந்தத் தொகை எங்கே இருக்கிறது என்று தேடு.

அப்புறம் இரண்டு விஷயம். இயந்திரம் வாங்கிய தொகையில் விற்ற இயந்திரத்தின் 30,000ஐ விட்டுவிட்டாய். அது 1,80,000 வர வேண்டும். இன்னொன்று, விற்ற பணம் 22,000 ஐ முதலீட்டில் காட்டிய பிறகு நட்டம் 8,000 ஐ எதற்கு இயக்கத்தில் சேர்க்கிறாய்? ஒரே இயந்திரத்தை இரண்டு இடத்தில் காட்டினது மாதிரி ஆகிறது. அதை எடுத்துவிடு.

செவ்வந்தி

பாதியாக்கினால் 12,500. அப்படி ஒரு தொகை கணக்கிலேயே இல்லை அண்ணா. நீங்கள் சொன்ன மாதிரி 1,80,000 போட்டு, நட்டத்தையும் எடுத்துவிட்டால் 14,000 வருகிறது. இப்போது 13,000 குறைகிறது. நட்டத்தை விட்டுவைத்தால் 22,000 வருகிறது, 5,000 குறைகிறது. எதை நம்புவது என்று தெரியவில்லை.

பேரேட்டுக்காரர்

உங்கள் விடையில் இரண்டு பிழை இருக்கிறது. ஒன்று 30,000 கூட்டிக் காட்டுகிறது, இன்னொன்று 5,000 குறைத்துக் காட்டுகிறது. அதனால்தான் மொத்த வித்தியாசமான 25,000ஐ வைத்துத் தேடினால் எதுவுமே அகப்படவில்லை. பாதியாக்கிப் பார்ப்பது ஒரே ஒரு குறிப் பிழை இருக்கும்போது மட்டும்தான் உதவும்.

மொத்தத்தை விட்டுவிட்டு, பேலன்ஸ் ஷீட்டை வரி வரியாகப் பிடியுங்கள். இரண்டு வருடமும் இரு பக்கமும் சமம். அதனால் ரொக்கம் மாறியது என்பது, மூலதனமும் பொறுப்புகளும் கூடியதில் இருந்து மற்ற சொத்துகள் கூடியதைக் கழித்தால் வருவதுதான். உங்கள் கணக்கில் பொறுப்புப் பக்கம் 1,32,000 கூடியிருக்கிறது. ரொக்கம் தவிர்த்த சொத்துகள் 90,000, 35,000 கூடி, 20,000 குறைந்து, நிகரமாக 1,05,000. இரண்டுக்கும் வித்தியாசம் 27,000. நீங்கள் எழுதும் அறிக்கை இந்தக் கழித்தலைத்தான் பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு வரியின் மாற்றமும் எத்தனை துண்டாக உடைந்தாலும், எந்தெந்தத் தலைப்பில் போய் உட்கார்ந்தாலும், துண்டுகளைக் கூட்டினால் அந்த வரியின் மாற்றமே திரும்பி வர வேண்டும்.

இயந்திர வரியைப் பாருங்கள். சொத்து 90,000 கூடியிருக்கிறது, எனவே துண்டுகளின் கூட்டல் −90,000 ஆக வேண்டும். நீங்கள் போட்டவை: வாங்கியது −1,50,000, தேய்மானம் +60,000, விற்ற பணம் +22,000, நட்டம் +8,000. கூட்டினால் −60,000. 30,000 பிசகு இங்கேதான். இயந்திரக் கணக்கைப் பேரேட்டில் போட்டால் காரணம் உடனே தெரியும். தொடக்க இருப்பு 5,20,000. அதில் தேய்மானம் 60,000 போய்விட்டது, விற்ற இயந்திரம் 30,000 போய்விட்டது, மீதி 4,30,000. ஆனால் வருடக் கடைசியில் 6,10,000 நிற்கிறது. இடையில் வந்து சேர்ந்தது 1,80,000.

ராசு தம்பி, 1,80,000 என்று நீங்கள் சொன்னது சரி. நட்டத்தை எடுக்கச் சொன்னது சரியில்லை. எடுத்தால் இயந்திர வரி −98,000 ஆகிவிடும், 8,000 நிற்கும். பேரேட்டில் இருந்து போனது 30,000. அதில் 22,000 பணமாகக் கைக்கு வந்தது. மீதி 8,000 லாபத்தைக் குறைத்துவிட்டுப் போயிற்று, அதற்காக யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. லாபத்தில் இருந்து தொடங்குகிறோம் என்பதால் அந்த 8,000ஐ லாபத்தோடு திரும்பச் சேர்த்தே ஆக வேண்டும். இதே இயந்திரம் 36,000க்குப் போயிருந்தால் 6,000 லாபம், அதை இயக்கத்தில் கழித்திருப்போம். −1,80,000, +60,000, +36,000, −6,000. அப்போதும் −90,000தான் வரும்.

அடுத்தது வரி ஒதுக்கு. பொறுப்பு 10,000 கூடியிருக்கிறது. நீங்கள் கூட்டியது 50,000, கழித்தது 45,000, நிற்பது 5,000 மட்டும். ஏன் என்று நீங்களே ஒரு தடவை யோசித்துச் சொல்லுங்கள்.

செவ்வந்தி

சார், 40,000 தொடக்கம். 45,000 கட்டிவிட்டார்கள். கடைசியில் 50,000 இருக்கிறது என்றால் இந்த வருடம் 55,000 ஒதுக்கியிருக்க வேண்டும். நான் கடைசி இருப்பை அப்படியே இந்த வருட ஒதுக்கு என்று எடுத்துவிட்டேன். எங்கள் வகுப்பில் கூடுதல் விவரம் இல்லாவிட்டால் அப்படி எடுக்கலாம் என்று சொன்னார்கள்.

பேரேட்டுக்காரர்

விவரம் இல்லாவிட்டால் எடுக்கலாம். போன வருட ஒதுக்கு முழுவதும் இந்த வருடம் கட்டப்பட்டது, கடைசி இருப்பு முழுவதும் இந்த வருடத்து ஒதுக்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதன்படி 40,000 கட்டியதாகவும் 50,000 ஒதுக்கியதாகவும் போட்டால் 10,000 சரியாக வரும். ஆனால் இங்கே கட்டியது 45,000 என்று கணக்கே சொல்லிவிட்டது. ஒரு பாதியைக் கணக்கில் இருந்தும் மறு பாதியை வழக்கத்தில் இருந்தும் எடுத்தால் இந்த 10,000 வராது.

இப்போது வரிக்கு முந்தைய லாபம் 1,45,000. இயக்கத்தில் 1,93,000, முதலீட்டில் −1,58,000, நிதியில் −8,000. மொத்தம் 27,000.

செவ்வந்தி

வந்துவிட்டது சார், நன்றி! ஒரு சந்தேகம் மட்டும். என் தோழிக்கு முதலிலேயே 27,000 வந்துவிட்டது. அவள் இயந்திரம் 90,000 வாங்கியதாக மட்டும் காட்டினாள். தேய்மானம், நட்டம், விற்ற பணம் எதையும் தொடவே இல்லை. இயக்கத்தில் 1,25,000, முதலீட்டில் −90,000, நிதியில் −8,000. நான் இவ்வளவு கஷ்டப்பட்டும் வராதது அவளுக்கு எப்படி வந்தது?

பேரேட்டுக்காரர்

இதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. அவர் இயந்திர வரியை உடைக்கவே இல்லை, முழுசாக −90,000 என்று போட்டார். வரி நிற்கும், மொத்தமும் நிற்கும். ஆனால் அறிக்கை தப்பு.

தொழிலில் இருந்து 1,93,000 வந்திருக்கும்போது அவர் அறிக்கை 1,25,000 என்கிறது. 1,80,000 கொடுத்துப் புது இயந்திரம் வாங்கியதும், பழையதை 22,000க்குத் தள்ளியதும் கண்ணிலேயே படாது. கடன் கொடுக்கப் போகும் வங்கிக்காரர் இந்த மூன்று எண்களைப் பார்க்கத்தான் அறிக்கையைக் கேட்கிறார். கடைசி 27,000 அவருக்குப் பேலன்ஸ் ஷீட்டிலேயே தெரியும்.

அதனால் டேலி ஆவதை வைத்து விடை சரி என்று முடிவு கட்டாதீர்கள். டேலி ஆகாவிட்டால் கண்டிப்பாகத் தப்பு, ஆகிவிட்டால் இனிமேல்தான் பார்க்க வேண்டும். வரி வரியாகச் சரிபார்ப்பதற்கும் இந்த எல்லை உண்டு. விட்டுப்போன தொகையை அது காட்டிக்கொடுக்கும். தலைப்பு மாறி உட்கார்ந்த தொகையை காட்டாது.

பின்னலாடை_மணி

நான் திருப்பூரில் ஒரு பனியன் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். இதே பிரச்சினைதான் எங்களுக்கும். லாபம் நன்றாகக் காட்டுகிறது, பேங்கில் பணம் இல்லை. முதலாளி தினமும் கேட்கிறார். டேலி சாஃப்ட்வேரில் எல்லாம் சரியாகவே இருக்கிறது, நீங்கள் டேலி ஆனாலும் தப்பு என்கிறீர்கள். வேறு சாஃப்ட்வேர் மாற்ற வேண்டுமா?

ஆடிட்_அறை

மணி அண்ணா, அவர் சொன்னது சாஃப்ட்வேரை இல்லை, மொத்தம் பொருந்துவதை. சாஃப்ட்வேர் மாற்றத் தேவையில்லை. லாபம் இருந்து பணம் இல்லையென்றால் முதலில் சரக்கும் கடனாளிகளும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வருடத்தில் புது மெஷின் ஏதாவது இறக்கினீர்களா?

பின்னலாடை_மணி

ஆமாம் தம்பி. மார்ச் மாதம் 8 லட்சத்துக்கு ஒரு நிட்டிங் மெஷின் வந்தது. 5 லட்சம் கொடுத்தாயிற்று, 3 லட்சம் ஜூனில் கொடுப்பதாகப் பேச்சு. நூல் கொடுக்கிறவர்கள் இருக்கிற அதே கடனீந்தோர் தலைப்பில்தான் அந்த 3 லட்சமும் இருக்கிறது. அந்தத் தலைப்பு மொத்தமாக 4 லட்சம் ஏறியிருக்கிறது.

பேரேட்டுக்காரர்

மணி அண்ணன் தற்செயலாக ரொம்ப முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார். செவ்வந்தி, இதைக் கவனியுங்கள்.

அவர் பேலன்ஸ் ஷீட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், கடனீந்தோர் கூடிய 4 லட்சம் இயக்கத்தில் ஏறும், மெஷின் வாங்கிய 8 லட்சம் முதலீட்டில் கழியும். இரண்டு வரியும் தனித்தனியாகப் பொருந்தும், மொத்தமும் பொருந்தும். ஆனால் மெஷின்காரருக்கு இன்னும் போகாத 3 லட்சம், வெளியே போனதாக ஒரு பக்கமும் வியாபாரத்தில் சம்பாதித்ததாக இன்னொரு பக்கமும் நிற்கும். உண்மையில் நூல்காரர்களிடம் கூடிய கடன் 1 லட்சம். அது மட்டும் இயக்கத்துக்கு. மெஷினுக்குப் போன பணம் 5 லட்சம். அது மட்டும் முதலீட்டுக்கு. ஜூனில் மீதி 3 லட்சம் போகும்போது அடுத்த வருட அறிக்கையில் முதலீட்டில் வரட்டும்.

மணி அண்ணா, மெஷின் பாக்கியைத் தனி லெட்ஜராக, மூலதனச் செலவுக் கடனீந்தோர் என்று பிரித்துவிடுங்கள். உங்கள் முதலாளி கேட்பதற்கு அதுவே பாதி விடை சொல்லும். அந்த 5 லட்சம் எங்கே இருந்து வந்தது? தனிக் கடனா, கேஷ் கிரெடிட் என்ற சி.சி. கணக்கா?

பின்னலாடை_மணி

சி.சி.யில் இருந்துதான் எடுத்தோம். அதுதான் இப்போது லிமிட்டை முட்டிக்கொண்டு நிற்கிறது.

ராசு_காமர்ஸ்

சி.சி. என்பது பேங்க் பாலன்ஸ் மைனஸில் இருப்பதுதானே? அதை ரொக்கத்தோடேயே கழித்துக் காட்டிவிடலாம். நிதித் தலைப்புக்கே கொண்டுபோக வேண்டாம்.

ஆடிட்_அறை

எங்கள் அலுவலகத்தில் ஏ.எஸ் 3 போடும் கம்பெனிகளுக்கு சி.சி.யையும் ஓவர்டிராஃப்டையும் குறுகிய காலக் கடனாக, நிதியில்தான் காட்டுகிறோம். இண்ட் ஏ.எஸ் 7இல்தான், கேட்டவுடன் திருப்பிக் கட்ட வேண்டிய ஓவர்டிராஃப்ட் கம்பெனியின் பண நிர்வாகத்தோடு ஒட்டியிருந்தால் ரொக்கத்தில் சேர்க்க இடம் இருக்கிறது. அங்கேயும், கணக்கு அடிக்கடி பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் போய்வர வேண்டும் என்று பார்க்கிறார்கள். வருடம் முழுக்க லிமிட்டிலேயே நிற்கும் சி.சி. கடன்தான்.

ராசு_காமர்ஸ்

சீசனில் பணம் வந்ததும் சி.சி. பிளஸ்ஸுக்குப் போய்விட்டு மறுபடி மைனஸுக்கு வரும் யூனிட்டுகளும் இருக்கிறதே. அதை எப்படிப் பார்ப்பது?

ஆடிட்_அறை

வருடத்தில் எவ்வளவு நாள் பிளஸ்ஸில் இருக்க வேண்டும் என்று எண்ணால் யாரும் வரையறுக்கவில்லை. எங்கள் சீனியர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. பரீட்சைக்கு என்றால் நிதியில் போடுங்கள்.

வடமராட்சி

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். இந்தக் கணக்கை எங்கட பிள்ளைகளுக்கும் குடுக்கலாம் எண்டு பார்த்தேன். ஆனால் ஒரு இடம் இடிக்குது. நாங்கள் காசுப் பாய்ச்சல் கூற்றில கட்டின வட்டியை வழக்கமாகத் தொழிற்பாட்டுச் செயற்பாட்டிலதான் கழிப்போம், வரியும் அதோட. நீங்கள் 18,000ஐ நிதிப் பகுதியில போட்டிருக்கிறீங்கள். பிழையோ?

பேரேட்டுக்காரர்

பிழையில்லை ஐயா, இரண்டும் அவரவர் இடத்தில் சரி. ஏ.எஸ் 3 படி, நிதி நிறுவனம் அல்லாதவர்கள் கட்டிய வட்டியை நிதி நடவடிக்கையில்தான் காட்ட வேண்டும். உங்கள் எல்.கே.ஏ.எஸ் 7 சர்வதேசத் தரத்தைப் பின்பற்றுவது, அதில் இயக்கத்தில் காட்டவும் இடம் உண்டு. உங்கள் முறையில் போட்டால் இயக்கம் 1,75,000, நிதி +10,000. முதலீடு மாறாது, மொத்தமும் மாறாது. இதற்கு மேல் மாற்றமும் வருகிறது. சர்வதேசத் தரத்தில் ஐ.எஃப்.ஆர்.எஸ் 18 வந்திருக்கிறது, 1.1.2027 முதல் தொடங்கும் வருடங்களுக்கு. அதன்படி சாதாரண வியாபார நிறுவனங்கள் கட்டிய வட்டி நிதியில் போகும்.

வடமராட்சி

அப்ப பிள்ளைகளுக்கு இப்ப எதைப் பழக்கிறது எண்டு யோசிக்க வேண்டியிருக்கு. புள்ளித்திட்டம் மாறும் வரைக்கும் தொழிற்பாட்டிலதான் போடச் சொல்லப் போறேன். விளக்கத்துக்கு நன்றி.

செவ்வந்தி

சார், கடைசியாக ஒன்று. பழைய வினாத்தாள் ஒன்றில் இதே மாதிரிக் கணக்கில் இயந்திரத்தை அடக்க விலையில் கொடுத்து, திரண்ட தேய்மானத்தைத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். இந்த வருடத் தேய்மானம் எவ்வளவு என்று சொல்லவே இல்லை. அதை எப்படிப் பிடிப்பது?

பேரேட்டுக்காரர்

அப்போது ஒரு வரி இரண்டு வரியாகிறது, அவ்வளவுதான். உங்கள் கணக்கையே அப்படி எழுதிப் பார்ப்போம். அடக்க விலை 8,00,000இல் இருந்து 9,40,000, திரண்ட தேய்மானம் 2,80,000இல் இருந்து 3,30,000. விற்ற இயந்திரத்தின் அடக்க விலை 40,000, அதன் மேல் அதுவரை போட்ட தேய்மானம் 10,000 என்று கொடுத்திருப்பார்கள்.

முதலில் தேய்மானக் கணக்கைப் போடுங்கள். 2,80,000இல் இருந்து விற்ற இயந்திரத்தின் 10,000 வெளியே போனால் 2,70,000. கடைசியில் 3,30,000 நிற்கிறது, ஆக இந்த வருடத் தேய்மானம் 60,000. பிறகு இயந்திரக் கணக்கு. 8,00,000இல் 40,000 போய் 7,60,000. கடைசியில் 9,40,000, வாங்கியது 1,80,000.

இங்கே பிள்ளைகள் வழுக்குவது இரண்டு இடத்தில். விற்ற இயந்திரத்தை இயந்திரக் கணக்கில் 40,000க்குப் பதில் 30,000 என்று கழிப்பார்கள், வாங்கியது 1,70,000 ஆகிவிடும். இல்லாவிட்டால் திரண்ட தேய்மானம் கூடிய 50,000ஐ அப்படியே இந்த வருடத் தேய்மானம் என்று எடுப்பார்கள். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் வாங்கியதில் 10,000 குறையும், தேய்மானத்திலும் 10,000 குறையும், மொத்தம் 27,000 என்றே பொருந்திவிடும். இரண்டு வரியையும் தனித்தனியாகச் சரிபார்த்தால் மட்டும்தான் அகப்படும். விற்ற இயந்திரத்தின் 40,000ஐயும் 10,000ஐயும் அடிக்குறிப்பில் பேரேடாகவே போட்டுக் காட்டுங்கள்.

செவ்வந்தி

போட்டுப் பார்த்தேன் சார். 60,000மும் 1,80,000மும் வந்துவிட்டது. அந்த வினாத்தாளில் விற்ற இயந்திரத்தின் தேய்மானத்தையும் சொல்லவில்லை. அடக்க விலையும், விற்ற விலையும், நட்டமும்தான் இருக்கிறது.

பேரேட்டுக்காரர்

விற்ற விலையோடு நட்டத்தைச் சேர்த்தால் புத்தக மதிப்பு. அடக்க விலையில் அதைக் கழித்தால் அந்த இயந்திரத்தின் தேய்மானம். அங்கே இருந்து மேலே சொன்ன வழிதான்.